மலைச்சாலைக் காரில் பேட்டரி சீக்கிரம் போகிறதா? முதலில் அதை ஆட்டிப் பாருங்கள்

நீலகிரியில் ஓடும் காரின் பேட்டரி, கீழே மேட்டுப்பாளையத்தில் ஓடும் காரின் பேட்டரியைவிடக் கூடுதல் காலம் உழைக்க வேண்டும். பேட்டரிக்கு முதல் எதிரி வெயில்தான். சமவெளியில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் ஆசிட்டில் உள்ள தண்ணீர் வற்றும், பிளேட்டின் ஈயச் சட்டம் அரித்துப்போகும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அந்தத் தொல்லை குறைவு. அப்படியிருந்தும் ஒன்றரை வருடத்தில் பேட்டரி மாற்றுகிறவர்களை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால் குளிரைத் திட்டுவார்கள். குளிர் செய்வது வேறு வேலை. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் ஜனவரி காலைகளில் பேட்டரி தரும் உந்துவிசை மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி இருக்கும். நல்ல பேட்டரி இதைத் தாங்கிவிடும். ஏற்கெனவே உள்ளே அடிபட்டது அன்றைக்குத்தான் மாட்டிக்கொள்ளும்.

சீக்கிரம் போன பேட்டரி என்று யாராவது வந்தால் இரண்டு விஷயங்களைத்தான் முதலில் பார்ப்பேன். ஒன்று, வீட்டிலிருந்து கடைவீதி வரை மட்டும் போய்வந்து, சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்காத கார். இரண்டு, பேட்டரியைப் பிடித்திருக்க வேண்டிய கிளாம்ப் தளர்ந்து, எஸ்டேட் சாலையின் ஒவ்வொரு கல்லுக்கும் பேட்டரி ட்ரேயில் துள்ளுகிற கார். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. முதலாவதற்குச் சார்ஜ் போட்டாலே பாதி தீர்ந்துவிடும். இரண்டாவதைக் கண்டுபிடிக்காமல் புதுப் பேட்டரி வாங்கினால் அதுவும் அதே வழியில் போகும்.

உள்ளே என்ன உடைகிறது

கார் பேட்டரி ஒரே பெட்டிபோலத் தெரிந்தாலும் உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு செல், சுமார் 2.1 வோல்ட். ஆறும் வரிசையாகச் சேர்ந்துதான் 12.6 வோல்ட் வருகிறது. ஒவ்வொரு செல்லிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் பிளேட்டுகள் மாறி மாறி அடுக்கப்பட்டு, இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் மெல்லிய செப்பரேட்டர் இருக்கும். பிளேட் என்பது ஈயச் சட்டத்தில் அப்பிய ஒரு பசை. ஒவ்வொரு பிளேட்டின் தலையிலும் சிறிய காது ஒன்று உண்டு. ஒரே வகைப் பிளேட்டுகளின் காதுகளையெல்லாம் மேலே ஓர் ஈயப் பட்டை சேர்த்துப் பிடித்திருக்கும். அந்தப் பட்டையிலிருந்து அடுத்த செல்லுக்கு, நடுச்சுவரைத் துளைத்துப் போகும் ஒரு வெல்டு இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஓடும் நூற்றுக்கும் மேலான ஆம்பியர் முழுக்க இந்த ஒற்றை வழியில்தான் போக வேண்டும்.

ஈயம் கனமான, மெத்தென்ற உலோகம். கிளாம்ப் இறுகப் பிடித்திருந்தால் பேட்டரி காரின் உடம்போடு சேர்ந்து அசையும். அந்த அசைவை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஏற்கெனவே குறைத்துத்தான் அனுப்புகின்றன. கிளாம்ப் தளர்ந்தால் கதை மாறிவிடும். கார் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது பேட்டரி ட்ரேயைவிட்டு ஒரு நூல் எழும்பி, அப்படியே திரும்ப விழும். உயரம் சிறிதுதான். ஆனால் பத்து கிலோவுக்கு மேலுள்ள ஒரு பொருள் கெட்டியான தகட்டில் ‘டக்’கென்று மோதுகிறது, அந்த அடியைக் குறைக்க நடுவில் ஒன்றுமில்லை. கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடிப்பது போலத்தான் அந்த ஈயக் காதுகளும் வெல்டும் விரிசல் விடுகின்றன. இன்னொரு பக்கம் பிளேட்டில் அப்பிய பசை உதிர்கிறது. உரசி உரசிச் செப்பரேட்டர் தேய்ந்தால் இரண்டு பிளேட்டுகள் தொட்டு, அந்தச் செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும்.

ஆக, ஆட்டத்தால் வரும் சேதத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: இணைப்பு விரிசல், செல் ஷார்ட், பசை உதிர்வு. இந்த மூன்றும் வெளியே காட்டும் அடையாளம் ஒன்றுபோல இருக்காது. கீழே வரும் சோதனைகளில் அந்த வித்தியாசத்தைத்தான் தேடப்போகிறோம்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம்

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். சரிவில் நிறுத்தியிருந்தால் ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிடுவது நல்லது. பானெட்டைத் திறந்து, பேட்டரியின் உடம்பை இரண்டு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், அப்புறம் மேல்நோக்கியும் அசைத்துப் பாருங்கள். டெர்மினலைப் பிடித்து ஆட்டக் கூடாது. அது இருக்கிற விரிசலைப் பெரிதாக்கும். சரியாகப் பொருத்திய பேட்டரியை ஆட்டினால் கார்தான் லேசாகக் குலுங்கும். பேட்டரி மட்டும் தனியாக நகர்ந்தாலோ, ‘கடக்’கென்று சத்தம் வந்தாலோ கிளாம்ப் தன் வேலையைச் செய்யவில்லை.

இப்போது கண்ணால் பாருங்கள். அசையும் பேட்டரி தன் சுவடுகளை விட்டுவைக்கும். ட்ரேயின் விளிம்பில் பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளக்கும். பேட்டரியின் கீழ்ப்பக்க மூலைகளில் பிளாஸ்டிக் உரசி வெளுத்திருக்கும். மேலே போகும் கிளாம்ப் பட்டைக்கு அடியில், பட்டை இப்போது இருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இன்னொரு தடம் பதிந்திருக்கும். பேட்டரியின் மேல் படிந்த தூசியில் பட்டை உட்கார்ந்த கோடு தெளிவாக ஒன்று இருந்தால் நல்லது. தேய்த்துத் துடைத்த மாதிரி அகலமாக இருந்தால் அது வெகுநாளாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

டெர்மினலின் அடிவாரத்தையும் பாருங்கள். பேட்டரி நகர நகர, தடித்த கேபிள் டெர்மினலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈயக் கம்பம் மூடியோடு சேரும் இடத்தில் சீல் விட்டு ஆசிட் கசியும். துடைத்துத் துடைத்தும் ஒரே டெர்மினலில் மட்டும் வெள்ளைப் பூப்பு திரும்பத் திரும்ப வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ட்ரே ஈரமாக இருந்து, அங்கே பெயின்ட் கொப்பளித்திருந்தால் பெட்டியின் அடியில் விரிசல் இருக்கலாம். அது மழைத்தண்ணீரா ஆசிட்டா என்று தெரிய வேண்டுமானால் ஒரு சிட்டிகை சமையல் சோடா தூவுங்கள். ஆசிட் என்றால் நுரைக்கும். விரல் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கிளாம்ப் ஏன் தளர்கிறது என்பதற்கு மர்மமான காரணம் எதுவும் இல்லை. சில கார்களில் பேட்டரியை எடுக்காமல் ஹெட்லைட் பல்பைக்கூட மாற்ற முடியாது. எடுத்தவர் திரும்பப் போடும்போது ஒரு பக்கக் கொக்கி போல்ட் விழுந்துவிட்டிருக்கும். மற்றதை மட்டும் இறுக்கிவிட்டுப் போயிருப்பார். போல்ட் துருப்பிடித்து அறுந்திருக்கும். இல்லாவிட்டால் ட்ரேயே வெல்டு விட்டு ஆடும். இங்கே அதிகம் பார்ப்பது சைக்கிள் ட்யூப். ட்யூபை வெட்டி இழுத்துக் கட்டிவிட்டு ‘கல்லு மாதிரி இருக்கு’ என்பார்கள். கை ஆட்டுக்கு அது கல்லு மாதிரிதான் இருக்கும். எஸ்டேட் சாலையில் ரப்பர் நீளும், சுருங்கும், பேட்டரியைத் திரும்ப அடித்து உட்காரவைக்கும்.

மீட்டரில் மூன்று அளவுகள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். முனைகளைக் கேபிளின் பிடியில் வைக்காமல் நேராக ஈயக் கம்பத்தின் மேல் வையுங்கள். நமக்கு வேண்டியது பேட்டரியின் அளவு.

முதல் அளவு, ஓய்வில். இரவு முழுக்க நின்ற காரில் காலையில், கதவைத் திறந்து விளக்குகள் எரிந்து அணைந்த பிறகு எடுங்கள். ஓடி நின்ற உடனே எடுத்தால் அளவு பொய்யாக ஏறியிருக்கும். 12.6 என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதி, ஆறில் ஒரு 2.1 காணாமல் போயிருக்கிறது. ஆனால் 12.5 காட்டியதும் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள். விரிசல் விட்ட வெல்டு மீட்டருக்கு வேண்டிய துளி மின்சாரத்தை நன்றாகவே விடும்.

இரண்டாவது, ஹெட்லைட்டைப் போட்டு ஒரு நிமிடம் கழித்து. நல்ல பேட்டரியில் சில பத்தில் ஒரு வோல்ட் இறங்கி நிற்கும். மூன்றாவது, செல்ஃப் அடிக்கும்போது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் மீட்டரைப் பார்க்கலாம். தனியாக இருந்தால் மீட்டரை ஃபோனில் வீடியோ எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் குறைந்த எண் அதில் சிக்கும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலை இல்லை. குளிர்ந்த காலையில் 9.6 வரைகூடப் பொறுக்கலாம். அதற்குக் கீழே போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது உள்ளே சேதம். மீட்டர் திடீரென்று 5, 4 என்று விழுந்தால் சேதம்தான்.

ஒரு குறுக்குக் கேள்வி வரும்: டெர்மினல் லூசாக இருந்தாலும் இப்படித்தானே ஆகும்? ஆகும், காருக்கு. ஆனால் மீட்டரில் ஆகாது. டெர்மினல் லூசு என்றால் கேபிள் பிடியில் அளவு விழும், ஈயக் கம்பத்தில் 12 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கம்பத்திலேயே விழுந்தால் கோளாறு கம்பத்துக்கு உள்ளே. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் டெர்மினலை மாற்றி, கேபிளை மாற்றி, செல்ஃப் மோட்டாரைக்கூடக் கழற்றியவர்கள் உண்டு.

கோத்தகிரி கார் ஒன்று

ஒரு சின்ன பெட்ரோல் கார். கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில் மேற்பார்வை செய்பவருடையது. தினமும் தார் பார்க்காத தோட்டச் சாலையில் இறங்கி ஏறும் வண்டி. பேட்டரிக்கு வயது ஒன்றரை.

“நேத்து சாயங்காலம்கூட ஒரே திருகுல எடுத்ததுங்க அண்ணா. இன்னிக்கு மார்க்கெட்டுல நிறுத்திட்டு வந்து சாவியைப் போட்டா டேஷ்போர்டு மொத்தமும் இருட்டு. பானெட்டை ஒரு தட்டு தட்டினேன், லைட் வந்துருச்சு. அப்புறம் எடுத்துருச்சு” என்றார். அதற்கு முன்பே வேறொரு இடத்தில் டெர்மினலைச் சுரண்டிப் புதிதாகப் போட்டிருந்தார்கள். ஆல்டர்னேட்டரும் சோதித்தாயிற்று, நன்றாகத்தான் இருந்தது.

இந்தப் புகாரிலேயே பாதி விடை இருக்கிறது. சார்ஜ் இறங்கிய பேட்டரி மெதுவாகத்தான் மயங்கும்: செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், விளக்கு மங்கும், ரிலே ‘கடகட’ என்று அடிக்கும். அடுத்த நாள் இன்னும் மோசமாகும். தட்டினால் உயிர் வராது. எல்லாம் ஒரே நொடியில் அணைந்து, தட்டியதும் திரும்ப வருவது எங்கோ ஓர் இணைப்பு தொட்டும் தொடாமலும் இருப்பதன் அடையாளம்.

பானெட்டைத் திறந்தால் கிளாம்ப் பட்டை இருக்கிறது, முன்பக்கக் கொக்கி போல்ட் இல்லை. அந்த இடத்தில் கட்டுக்கம்பி. பேட்டரியின் குறியெண் 34B19L. அந்தக் காரின் ட்ரே 38B20L அளவுக்கானது. இந்தக் குறியெண்ணில் எழுத்துக்குப் பின்னால் வரும் எண் நீளத்தைச் சென்டிமீட்டரில் ஏறத்தாழச் சொல்கிறது: 19, 20. ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். மாட்டும்போது கச்சிதமாகத் தெரிந்திருக்கும். ட்ரேயின் பின்பக்க விளிம்பில் அந்த ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெயின்ட் சுத்தமாகப் போய், தகடு கண்ணாடி மாதிரி இருந்தது.

ஓய்வில் 12.5. ஹெட்லைட் போட்டதும் 11.9. செல்ஃப் அடித்தபோது ஈயக் கம்பத்திலேயே 6-க்குக் கீழே விழுந்து, வண்டி எடுக்கவில்லை. செல்ஃபை விட்டதும் உடனே 12.4-க்கு வந்துவிட்டது. காலியான பேட்டரி இவ்வளவு வேகமாக எழாது. ஹெட்லைட்டுக்கு அவ்வளவு இறங்கியதும் ஒரு குறிப்பு. உள்ளே ஏதோ ஓர் இணைப்பு தடையாக நிற்கிறது: பத்து ஆம்பியருக்கு அரை வோல்ட்டைத் தின்கிறது என்றால் நூறு ஆம்பியருக்கு ஐந்து வோல்ட்டைத் தின்னும். கணக்கு ஏறத்தாழ ஒத்துப்போகிறது.

செல் செல்லாகக் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்த்தோம். ஆறிலும் 1240-லிருந்து 1250-க்குள். இங்கேதான் பலர் குழம்புவார்கள்: ஆறு செல்லும் நன்றாக இருக்கிறதே, அப்புறம் எப்படிப் பேட்டரி போனது? வெல்டு விரிசலில் செல்களுக்கு ஒன்றும் ஆகாது. வரிசையாகச் சேர்ந்த செல்கள் ஆதலால் சார்ஜ் ஏறினால் ஆறுக்கும் ஒன்றாகவே ஏறும், நின்றால் ஆறுக்கும் ஒன்றாகவே நிற்கும். எல்லாம் சமமாக, நல்ல சார்ஜில் இருந்தும் செல்ஃபுக்கு மின்சாரம் வரவில்லை என்பதுதான் உடைப்புக்கு ஆதாரம். கடைகளில் அச்சிட்டுத் தரும் எலக்ட்ரானிக் டெஸ்டர்கூட, விரிசல் தற்செயலாகத் தொட்டிருக்கும் வேளையில், ‘நல்லது’ என்று சொல்லிவிடக்கூடும். நிஜமான லோடு கொடுத்துப் பார்க்கும் டெஸ்டரை இந்த விஷயத்தில் நான் அதிகம் நம்புவேன்.

ஆசிட் சொல்லும் மற்ற இரண்டு கதைகள்

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் நீங்களும் கிராவிட்டி பார்க்கலாம். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வேண்டும், நெருப்பு கூடாது. ஹைட்ரோமீட்டரில் ஆசிட்டை உறிஞ்சி, மிதவை பக்கத்தில் ஒட்டாமல் மிதக்கும்போது படித்து, அதே செல்லுக்கே திரும்ப விடுங்கள். சமீபத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தால், சார்ஜ் போட்டு அது கலந்த பிறகு பாருங்கள். ஊட்டிக் குளிரில் எண் சற்றுக் கூடுதலாகக் காட்டும். பரவாயில்லை, நமக்குத் தேவை செல்லுக்குச் செல் உள்ள வித்தியாசம்.

ஆறும் ஒன்றுபோல 1180, 1190 என்று இருந்தால் அது சார்ஜ் பிரச்சினை. மெதுவாகச் சார்ஜ் போட்டு மறுபடி பாருங்கள், பேட்டரியை இன்னும் கைகழுவ வேண்டாம். ஐந்து செல் 1250-லும் ஒன்று மட்டும் 1200-க்குக் கீழும் இருந்தால், அதாவது வித்தியாசம் 50 புள்ளியைத் தாண்டினால், அந்தச் செல் சேதமடைந்திருக்கிறது. சார்ஜரில் போட்டால் மற்ற ஐந்தும் குமிழ் விட, அது மட்டும் சும்மா இருக்கும். தேய்ந்த செப்பரேட்டர் வழியாகவோ, அடியில் சேர்ந்த வண்டல் வழியாகவோ ஷார்ட்.

மூன்றாவது, நிறம். உறிஞ்சிய ஆசிட் தெளிவாகத் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். டீத்தண்ணீர் நிறத்தில் கலங்கி வந்தால் பாசிட்டிவ் பிளேட்டின் பசை உதிர்கிறது. ஆறு செல்லிலும் கலங்கலாக இருந்து தண்ணீரும் வற்றியிருந்தால் ஆல்டர்னேட்டர் அதிகமாகச் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 15 வோல்ட்டைத் தொட்டால் அங்கே தப்பு. ட்ரேயில் உரசல் தடம் இருந்து, ஓரிரு செல்லில் மட்டும் கலங்கல் என்றால் ஆட்டத்தைச் சொல்லலாம். ஆசிட் தெளிவாக இருப்பதால் மட்டும் பேட்டரி தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. இப்போதைய பேட்டரிகளில் பிளேட்டைச் செப்பரேட்டர் உறைக்குள் போட்டுத்தான் அடுக்குகிறார்கள்; உதிர்ந்தது உறைக்குள்ளேயே தங்கிவிடும்.

மூடியே இல்லாத பேட்டரியில் பச்சைக் கண் ஒன்று வைத்திருப்பார்கள். அது ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அங்கே மீட்டரும் லோடு டெஸ்டரும்தான் வழி.

ஒரு நேர்மையான குறிப்பு. ஒரு செல் மட்டும் சாவதும் வெல்டு விடுவதும் தயாரிப்புக் குறையாலும் நடக்கலாம். பேட்டரியை அறுக்காமல் எது என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, நீங்கள் அறுக்கவும் கூடாது. ஆகவே மீட்டர் காட்டும் சேதம், ட்ரேயில் உரசல் தடம் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கிளாம்பைக் குற்றம் சொல்கிறேன். தடமே இல்லாமல் ஒரு வருடப் பேட்டரி செத்தால் நேராக வாரண்டிக்குப் போங்கள். தடம் இருந்தால் வாரண்டியில் சிக்கல் வரலாம். வெளி அடியால் வந்த சேதத்தைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். பெட்டியில் விரிசல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இறக்கத்தில் விட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள்

மலையில் இருப்பவர்களுக்குச் செல்ஃப் எடுக்காவிட்டால் கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போகும். இறக்கம்தான் எங்கும் இருக்கிறதே. உள்ளே உடைந்த பேட்டரியோடு இதைச் செய்வது ஆபத்து. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு எடுப்பதற்கே பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் உயிரோடு இருக்க வேண்டும். பேட்டரி இணைப்பு முழுக்க விட்டிருந்தால் வண்டி உருண்டுகொண்டே போகுமே தவிர எடுக்காது. அதற்குள் ஒன்றிரண்டு மிதியில் பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம் தீர்ந்து, பெடல் கட்டையாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவை இந்த நிலையில் சந்திக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

எடுத்துவிட்டாலும் நல்லதல்ல. ஓடும்போது பேட்டரி இணைப்பு விட்டு விட்டுச் சேர்ந்தால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் தாறுமாறாகத் துள்ளி வண்டியின் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கலாம். பேட்டரியைவிட அந்தச் செலவு பல மடங்கு.

ஜம்பர் கேபிளும் வேண்டாம். சார்ஜ் இறங்கிய பேட்டரிக்கு அது சரி. உடைந்ததற்கு அல்ல. செல்லுக்குள் மேல்பகுதியில் ஹைட்ரஜன் தேங்கியிருக்கும். விரிசல் விட்ட காதிலோ வெல்டிலோ பெரிய மின்சாரம் தாவும்போது அங்கே பொறி பறக்கும். பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும் விபத்துக்கு இதுவும் ஒரு காரணம். எல்லாம் ஒரே நொடியில் அணைந்தது, ஓய்வில் வோல்ட் நன்றாக இருக்கிறது, செல்ஃபுக்கு மட்டும் விழுகிறது என்றால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாதீர்கள். கட்டி இழுத்து வாருங்கள், அல்லது வேறு பேட்டரியை அங்கேயே கொண்டுவந்து மாற்றுங்கள்.

புதியதை உட்காரவைக்கும் முறை

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். ஸ்பானர் தவறி உடம்பைத் தொட்டால் தீப்பொறி வராமல் இருக்கத்தான் இந்த வரிசை. பேட்டரியைத் தூக்கியதும் ட்ரேயைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காயவைத்து, நன்றாகப் பாருங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா, வெல்டு விட்டிருக்கிறதா, கொக்கி மாட்டும் துளை கிழிந்திருக்கிறதா? ட்ரே ஆடினால் கிளாம்பை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. அடியில் சரளைக்கல் ஒன்று கிடந்தாலே பேட்டரி அதன் மேல் குந்தி ஆடும். பெட்டியிலும் ஓட்டை விழும்.

வாங்கும் பேட்டரி காரின் கையேட்டில் சொன்ன அதே அளவில் இருக்கட்டும். கடையில் ‘இதுவும் உட்காரும்ணா’ என்று ஒரு அளவு குறைத்துத் தந்தால் வாங்காதீர்கள். வேறு வழியே இல்லாதபோது இடைவெளியைக் கெட்டியான பிளாஸ்டிக் துண்டால் அடைக்கலாம். அட்டை, மரத்துண்டு, ஸ்பாஞ்ச் எதுவும் கூடாது. ஆசிட்டிலும் மழையிலும் அவை நைந்துபோகும். ஸ்பாஞ்ச் அடியில் இருந்தால் பேட்டரி இன்னும் துள்ளும்.

கொக்கி போல்ட் இரண்டு உள்ள காரில் கொக்கியின் வளைவு துளைக்குள் முழுதாக நுழைந்திருக்க வேண்டும். நுனி மட்டும் தொற்றியிருந்தால் முதல் பெரிய குழியில் கழன்றுவிடும். பட்டை பேட்டரியின் நடுவில் நேராக உட்காரட்டும். இரண்டு நட்டையும் முதலில் கையால் திருகி, அப்புறம் சிறிய ஸ்பானரால் ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். கைப்பிடிக்குப் பிறகு அரைச் சுற்று ஏறத்தாழப் போதும். வலுவைக் காட்டி இறுக்கினால் மூடி நடுவில் பள்ளமாகும், பெட்டி பக்கவாட்டில் பிதுங்கும், அதுவும் விரிசலில்தான் முடியும். சில கார்களில் மேலே பட்டை இருக்காது. அடியில் பெட்டியின் விளிம்பை ஓர் ஆப்பு ஒற்றை போல்ட்டால் அழுத்திப் பிடிக்கும். அங்கே ஆப்பு விளிம்பின் மேலேதான் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்தில் சும்மா ஒட்டி நின்றாலும் போல்ட் இறுகிவிடும், பேட்டரி ஆடிக்கொண்டே இருக்கும்.

நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போடுங்கள், அல்லது நைலாக் நட் வாங்குங்கள். இரண்டும் ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசு. தொலைந்த கொக்கி போல்ட்டுக்கும் அதே கடையில் வழி உண்டு, பழையதை மாதிரிக்குக் கொண்டுபோங்கள். இரும்புப் பட்டை பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து விலகி இருக்கிறதா, பாசிட்டிவுக்கு ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை நகர்ந்து பாசிட்டிவைத் தொட்டால் பேட்டரியோடு போகாது, வண்டியே தீப்பிடிக்கும். கேபிள்கள் விறைப்பாக இழுக்காமல் சற்றுத் தொய்வோடு இருக்கட்டும்.

முடித்ததும் பழையபடி இரண்டு கையாலும் ஆட்டிப் பாருங்கள். கார் குலுங்க வேண்டும், பேட்டரி அல்ல. ஒரு வாரம் வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி தொட்டுப் பாருங்கள். புதிதாக மாட்டியது முதல் வாரத்தில் சற்று இளகும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் ஒரு தடவை போதும். கோத்தகிரிக் காரைப்போல தினமும் தோட்டச் சாலையில் போகும் வண்டிக்கு மாதம் ஒருமுறை. வண்டி சர்வீஸுக்குப் போய்த் திரும்பிய அன்றைக்கும் பானெட்டைத் திறந்து ஒரு ஆட்டு.

பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். கொண்டுபோகும்போது டிக்கியில் நிமிர்த்தி வைத்து, டெர்மினல்கள் இரண்டையும் டேப் சுற்றி, சாயாமல் கட்டிவிடுங்கள். அடியில் விரிசல் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்தே எடுத்துப்போங்கள்.